அறிக்கையில் பிஓடி 28, வரம்பு 30. அப்புறம் ஏன் 12 கிலோமீட்டர் கீழே மீன் மிதக்குது?

கரைமேடு
ஊர் பேரை விட்டுடறேன், சின்ன ஆறுதான். மேலே ஒரு நகரம், அதுக்கு ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு ஆறு மாச அறிக்கை வாங்கினோம். வெளியேறும் தண்ணீரில் பிஓடி, அதாவது அதுல இருக்கிற கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேணும்கிற அளவு, லிட்டருக்கு 24 மில்லிகிராம்ல இருந்து 28க்குள்ளயே நிக்குது, அனுமதி 30. காகிதத்துல குறையே இல்ல. ஆனா நிலையத்துல இருந்து சுமார் 12 கிலோமீட்டர் கீழே, எங்க தடுப்பணைக்கு மேல, மீன் மிதக்குது. குழாய் வாயிலேயே போய்ப் பார்த்தோம், அங்க ஒரு மீன்கூட சாகல. இது எப்படி? அறிக்கை பொய்யா, இல்ல மீன் சாக வேற காரணமா?

சுழல்
அறிக்கை பொய்தான், சந்தேகமே வேண்டாம். ஆத்துத் தண்ணி ஓட ஓடத் தன்னாலேயே சுத்தமாகும்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோம். குழாய்வாய்ல சாகாத மீன் 12 கி.மீ. தள்ளிச் சாகுதுன்னா நடுவுல யாரோ ராத்திரியில லாரியில கொண்டாந்து கொட்டறாங்க. அதைத் தேடுங்க.

பழைய பொறியாளர்
லாரி இருக்கலாம், இல்லைன்னு சொல்லல. ஆனா லாரியே இல்லாமலும் இது நடக்கும். சுழல் சொன்னதுல பாதி சரி. ஆறு ஓட ஓடச் சுத்தமாகிறது உண்மை. ஆனா அதைச் செய்யறது பாக்டீரியா. அது கழிவைத் தின்னும்போது தண்ணியில கரைஞ்ச ஆக்ஸிஜனைச் செலவழிக்குது. ஆறு சுத்தமாகிற வேலை நடக்கிற இடமும் மீனுக்கு மூச்சு முட்டுற இடமும் ஒண்ணுதான்.

கழிவு விழுந்த நொடியில ஆக்ஸிஜன் குறையாது. தின்ன நேரம் வேணும், அந்த நேரத்துக்குள்ள தண்ணி நகர்ந்து போயிருக்கும். குழாய்வாய்ல ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருக்கும், மீன் துள்ளிக்கிட்டு இருக்கும். கீழே போகப் போகக் குறையும். செலவாகிறதும் காத்துல இருந்து திரும்ப ஏறுறதும் சமமாகிற இடத்துல அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் மெதுவா ஏறும். 1925லேயே அமெரிக்காவில் ஒஹையோ ஆத்தை வச்சு ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ்னு ரெண்டு பேர் இதுக்குக் கணக்கு போட்டாச்சு. இன்னைக்கும் முதல் கணக்கு அதுதான்.

கரைமேடு, மூணு விஷயம் சொன்னீங்கன்னா உங்க ஆத்துக்கே போட்டுப் பார்க்கலாம். மீன் செத்தப்போ ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுச்சு, எவ்வளவு வேகம், நிலையத்தோட கொள்ளளவு என்ன, ஊர்ல மொத்தம் உருவாகிற கழிவுநீர் எவ்வளவு. நாலாயிடுச்சு, பரவால்ல.

மல்லிகா_சேலம்
எங்க வீட்டு போர் தண்ணியிலயும் டிடிஎஸ் 1400 காட்டுது. ஆர்ஓ போட்டா இந்த பிஓடி எல்லாம் போயிடுமா? எந்த மெம்பிரேன் வாங்கலாம்?

ஆய்வகத்து அண்ணாச்சி
அம்மா, உங்க கேள்வி வேற. போர் தண்ணியில பிஓடி பெரும்பாலும் பிரச்சினையே இல்ல, உங்களுக்கு இருக்கிறது டிடிஎஸ் காட்டுற கரைஞ்ச உப்பு. குடிக்க, சமைக்க மட்டும் ஆர்ஓ போதும். ஆனா முதல்ல நைட்ரேட், ஃப்ளூரைடு, இ.கோலி மூணையும் சோதிச்சுடுங்க. தனி இழை போடுங்க, சொல்றேன்.

கரைமேடு
நிலையம் நாளைக்கு ஒரு கோடி லிட்டர், அதாவது 10 எம்எல்டி. நகராட்சியோட திட்ட அறிக்கையில ஊர்க் கழிவு 14 எம்எல்டின்னு போட்டிருக்கு. மீன் செத்தது ரெண்டாம் போக மழை ஓஞ்சதுக்கு அப்புறம், ஆறு நல்லாத்தான் ஓடுச்சு. பொதுப்பணித் துறை அளவுகோல்படி விநாடிக்கு சுமார் ஆயிரம் லிட்டர். வேகம் தெரியாம ஒரு தேங்காயை விட்டுப் பார்த்தோம், நூறு மீட்டருக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு.

பழைய பொறியாளர்
தேங்காய் நல்ல கருவிதான், பாதி முழுகி மிதக்கிறதால காத்து தள்ளாது. விநாடிக்கு 0.15 மீட்டர் வருது. நாளைக்கு 13 கி.மீ.

இப்ப 10 எம்எல்டி என்பது விநாடிக்கு 116 லிட்டர். மேலேயிருந்து வர்ற ஆத்துத் தண்ணி ஓரளவு நல்லதுன்னு வச்சு பிஓடி 2ன்னு எடுத்துக்கறேன். ரெண்டும் கலந்தா:

```
(1000 × 2 + 116 × 28) ÷ 1116 = 4.7
```

பிஓடி 4.7ன்னா ஆறு கொஞ்சம் முனகும், சாகாது. 30 டிகிரி சூட்டுல தண்ணி தாங்குற ஆக்ஸிஜனே 7.5 தான். மெதுவா ஓடுற ஆறுகளுக்கு வழக்கமா எடுக்கிற, ஆக்ஸிஜன் செலவாகிற, திரும்ப ஏறுற வேக எண்களைப் போட்டா அடிமட்டம் 5க்கு மேலயே நிக்குது. அறிக்கை சொல்றது மட்டும் ஆத்துல விழுந்திருந்தா உங்க மீன் பிழைச்சிருக்கும்.

ஆனா 14ல 10 போக மீதி 4 எம்எல்டி எங்கே? அது ஆவியாகல. விநாடிக்கு 46 லிட்டர், சுத்திகரிக்காத சாக்கடைக்கு பிஓடி 250ன்னு வைங்க.

```
(1000 × 2 + 116 × 28 + 46 × 250) ÷ 1162 = 14.4
```

மூணு மடங்கு ஏறிப்போச்சு. கவனிங்க, அந்த 46 லிட்டர் சுமக்கிறது 116 லிட்டர் சுமக்கிறதைவிட மூணரை மடங்கு அதிகம். இதே வேக எண்களைப் போட்டா, முக்கால் நாளைத் தாண்டி, ஒரு நாள் நிறையறதுக்குள்ள ஆக்ஸிஜன் 3க்குக் கீழே போகுது. நாளைக்கு 13 கி.மீ. வேகத்துல அது 12 கி.மீ. சுமார். உங்க தடுப்பணை. அடிமட்டம் அங்கேயும் இல்ல, இன்னும் கீழே 30 கி.மீ. பக்கம், அங்க ஒண்ணு ஒண்ணரைதான் மிஞ்சும். தடுப்பணையில தண்ணி தேங்கினா வேகம் இன்னும் குறையும், மேலே சொன்ன எல்லாமே இன்னும் மேல்பக்கம் நகர்ந்துடும்.

எண்கள் துல்லியம் இல்ல, ஊகம் நிறைய இருக்கு. ஆனா அறிக்கையும் பொய்யாக வேண்டியதில்ல, லாரியும் வேண்டியதில்ல. அறிக்கை ஒரு குழாயைப் பத்திப் பேசுது, ஆறு எல்லாக் குழாயையும் வாங்கிக்குது.

கரைமேடு
பம்பிங் ஸ்டேஷன் பக்கத்துல ஓடைக்குள்ள ஒரு குழாய் நீட்டிட்டு இருக்கும். காலையில ஏழு மணிக்கு அதுல தண்ணி விழும், பத்து மணிக்கு நின்னுடும். மழைத்தண்ணிக் குழாய்னு சொன்னாங்க.

பழைய பொறியாளர்
வெயில்காலத்துல காலை ஏழு மணிக்கு எந்த மழை? ஊர் மொத்தம் குளிச்சு, சமைச்சு, கழுவுற நேரம் அது, வரத்து சராசரியைப்போல ரெண்டு மடங்குக்கு மேல போகும். பம்பு இழுக்காதது கிணத்துல ஏறி, வழிஞ்சு, அந்தக் குழாய் வழியா ஓடைக்குப் போகுது. மின்வெட்டு வந்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாட்டியும் இதேதான். நிலையத்தை மாத்தாமலேயே இதுல பாதியைக் குறைக்கலாம். காத்திருப்பு பம்பை ரிப்பேர் பண்ணி ஓட்டணும், முகப்புச் சல்லடையில சிக்கின பிளாஸ்டிக்கைத் தினமும் வழிச்சு எடுக்கணும். சல்லடை அடைச்சா பின்னால தண்ணி ஏறி வழியும், பம்பு மேல பழி விழும்.

சுழல்
சரி, லாரியை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு இடிக்குது. எங்க பக்கம் இதே மாதிரி ஒரு ஓடையில நான் மீட்டர் வச்சுப் பார்த்தேன், மதியம் ரெண்டு மணிக்கு டிஓ, அதாவது கரைஞ்ச ஆக்ஸிஜன், 9 காட்டுச்சு. பச்சைப் பசேல்னு நாத்தமா இருந்த தண்ணி. 7.5க்கு மேல எப்படிப் போச்சு? மீட்டர் கெட்டுப்போச்சா?

ஆய்வகத்து அண்ணாச்சி
மீட்டர் நல்லாத்தான் இருக்கு, நேரம்தான் தப்பு. பச்சை நிறம் பாசி. சாக்கடையில வர்ற நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதுக்கு உரம். பகல்ல அது ஆக்ஸிஜனை உமிழும், தண்ணி தாங்குற அளவுக்கு மேலயும் ஏத்திவிடும். ராத்திரி அதே பாசி மூச்சு விடும், விடியக்காலைல 2க்கு வந்து நிக்கும். மீன் சாகிறது விடியலுக்கு முன்னால, அதிகாரி மீட்டரோட வர்றது பதினொரு மணிக்கு. ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லிட்டு ஒருத்தரை ஒருத்தர் பொய்யன்னு சொல்லிக்குவாங்க.

மீட்டர் இல்லாதவங்களுக்கு பழைய பாட்டில் முறை போதும். 300 மில்லி கண்ணாடி பாட்டில், காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம நிரப்பணும். வாளியில மொண்டு ஊத்தினா ஊத்தும்போதே காத்துல இருந்து ஆக்ஸிஜன் ஏறிடும், அதனால பாட்டிலை ஆத்துக்குள்ளேயே முழுக்கி மெதுவா நிரப்பணும். ஒரு மில்லி மாங்கனீஸ் சல்பேட், ஒரு மில்லி ஆல்கலி அயோடைடு அசைடு. பிப்பெட் முனை தண்ணிக்குள்ள இருக்கணும். மூடி, தலைகீழாப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்க. பழுப்பா வீழ்படிவு வந்தா ஆக்ஸிஜன் இருக்கு, அடர் பழுப்புன்னா நிறைய. பால் மாதிரி வெள்ளையா வந்தா சுத்தமா இல்ல, அந்தத் தண்ணி செத்தாச்சு. எண்ணிக்கை வேணும்னா அமிலம் சேர்த்து ஆய்வகத்துல டைட்ரேட் பண்ணணும், ஆனா வெள்ளையா பழுப்பான்னு பார்க்கிறதுக்கு ஆய்வகம் வேண்டாம். விடியக்காலைல தடுப்பணையில ஒரு பாட்டில், குழாய்வாய்ல ஒரு பாட்டில், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுங்க. பத்து பக்கம் மனு எழுதறதைவிட அது பேசும்.

அமிலமும் அசைடும் விஷம், கையுறை போடாம தொடாதீங்க.

தென்னந்தோப்பு
நீங்க எல்லாரும் மீனைப் பத்தியே பேசறீங்க. என் பிரச்சினை கிணறு. எங்களுக்கு மேலே சாயப்பட்டறை நிறைய, 20 வருஷமா. கிணத்துத் தண்ணியில இசி, அதாவது உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துத்திறன், 4.2. பிஓடி, ஆக்ஸிஜன் எல்லாம் எங்களுக்கு நல்லாத்தான் இருக்கும், தண்ணி கண்ணாடி மாதிரி. ஆனா தென்னை குரும்பையிலேயே கொட்டுது, இலை ஓரம் கருகுது. ஜிப்சம் போடச் சொன்னாங்க, ஏக்கருக்கு ரெண்டு டன் போட்டேன், பிரயோசனம் இல்ல.

திருப்பூர் டையிங்
இது தனிக் கதை, ஆனா இந்த இழைக்குள்ளதான் வரணும். மேலே பேசினது எல்லாம் ஆறு தின்னு செரிக்கிற கழிவைப் பத்தி. உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏத்தணும்னா உப்பு வேணும். தண்ணியில துணியும் சாயமும் ரெண்டுமே எதிர்மின் சுமையோட ஒண்ணை ஒண்ணு தள்ளும், உப்பு போட்டாத்தான் சாயம் துணிகிட்ட வரும். வேலை முடிஞ்சதும் உப்புல ஒரு துளிகூட துணியில தங்காது. கணக்கு சிம்பிள். கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயத் தண்ணி, லிட்டருக்கு 60 கிராம் உப்பு. கிலோ பனியன் துணிக்கு 480 கிராம் உப்பு வெளியே போகுது. ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு! டார்க் கலர்னா இன்னும் அதிகம். அலசல் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 80 லிட்டர் தண்ணின்னு வச்சா, போட்ட உப்பு மட்டும் லிட்டருக்கு 6000 மி.கி. வரும், தண்ணியில ஏற்கெனவே ஒரு 500 இருந்தா மொத்தம் 6500.

டிடிஎஸ் வரம்பு 2100. அந்தக் காலத்துல பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்ல சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுச் சேறு படிய வச்சாங்க. கலர் போச்சு, தண்ணி வெளுத்துச்சு. பார்க்கிறவங்க ‘சுத்தமாயிடுச்சு’ன்னாங்க. உப்பு அப்படியே இருந்துச்சு, சொல்லப்போனா போட்ட ரசாயனத்தால கொஞ்சம் ஏறிச்சு. இன்னும் சிலர் வரம்புக்கு வர்றதுக்கு நல்ல தண்ணி கலந்து விட்டாங்க. 500 டிடிஎஸ் உள்ள தண்ணியைக் கலந்தா ஒரு பங்குக்கு ரெண்டேமுக்கால் பங்கு ஊத்தணும். மீட்டர்ல 2100 வந்துடும். 480 கிராம் உப்பு 480 கிராமாவே ஆத்துக்குப் போகும், கூட நல்ல தண்ணியும் பாழ். வரம்பு செறிவைப் பிடிக்குது, மூட்டையைப் பிடிக்கல.

பழைய பொறியாளர்
ஒரத்துப்பாளையத்தைச் சொல்லுங்க.

திருப்பூர் டையிங்
சொல்றேன். நொய்யல் வெள்ளியங்கிரியில பிறந்து கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி கரூர் மாவட்டத்துல காவிரியில சேருது. வருஷத்துல பெரும்பகுதி மேலேயிருந்து தண்ணி வராத ஆறு. 1992ல திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டினாங்க. அது சாயத் தண்ணித் தொட்டியா மாறிச்சு. பாசனத்துக்குத் தண்ணி கேட்க வேண்டிய விவசாயிகளே ‘அணையில தேக்காதே’ன்னு கேட்க வேண்டிய நிலைமை. தேங்கினது மண்ணுக்குள்ள இறங்கிக் கிணறுகளுக்குப் போச்சு. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு, 2006 கடைசியில சென்னை உயர் நீதிமன்றம் சொட்டு நீர்கூட வெளியே விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, 2009ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. நடைமுறைக்கு வரலன்னு 2011 ஜனவரியில எழுநூறுக்கும் மேல பட்டறைகளை மூடச் சொன்னாங்க.

அங்க வரம்பு ஏன் தோத்துச்சுன்னா, 2100 என்கிறது ஆத்துல கலக்க நல்ல தண்ணி இருக்கும்கிற நம்பிக்கையில போட்டது. 2100ஐ இசியா மாத்தினா 3.3 வரும். பாசனத்துக்கு 3க்கு மேல போனாலே ரொம்ப யோசிச்சுப் பாய்ச்சணும். நொய்யல்ல ஓடுறதே கழிவுதான்னா, அனுமதிச்ச தண்ணியே ஆறு. எல்லாரும் சட்டப்படி விட்டிருந்தாலும் அந்தக் கிணறுகள் கெட்டிருக்கும். வேகமா இல்ல, மெதுவா.

தென்னந்தோப்பு
அப்ப என் ஜிப்சம்?

ஆய்வகத்து அண்ணாச்சி
ஜிப்சம் உப்பைக் கரைக்காது, அதுவே ஒரு உப்பு. மண்ணைப் பிடிச்சிருக்கிற சோடியத்தைத் தள்ளிட்டு கால்சியம் உட்காரும், அவ்வளவுதான். தள்ளின சோடியத்தை வேருக்குக் கீழே கழுவிக் கொண்டுபோக நல்ல தண்ணி வேணும், வடிகாலும் வேணும். நீங்க 4.2 தண்ணியையே திரும்பப் பாய்ச்சினா, அள்ளிப் போட்டதையே திரும்ப அள்ளிப் போடறீங்க. முதல்ல தண்ணியில சோடியம், கால்சியம், மக்னீசியம் மூணும் பார்த்து எஸ்ஏஆர், அதாவது மத்த ரெண்டோட ஒப்பிட்டா சோடியம் எவ்வளவுங்கிற விகிதம், எடுங்க. மண்ணுல பிஎச், இசி, மாற்றுச் சோடியம் சதவீதம் பாருங்க. மண் உப்புமண்ணா களர்மண்ணான்னு தெரியாம ஜிப்சம் போடறது காய்ச்சலா சளியான்னு தெரியாம மாத்திரை போடற மாதிரி. மழைத்தண்ணியை வயல்லயே வரப்பு உயர்த்தி நிறுத்தறதுதான் இப்போதைக்குக் கைக்கெட்டுற வழி. அது கழுவும்.

பவானிசாகர்
சொட்டு நீர்கூட வெளியே விடாத முறையை எல்லாரும் பெரிய தீர்வு மாதிரி பேசறீங்க. ஆர்ஓல நல்ல தண்ணி திரும்பக் கிடைக்குது, சரி. மிஞ்சற உப்புக் கரைசலை பல அடுக்கு ஆவியாக்கியில காய்ச்சறாங்க, அதுக்கு விறகோ நிலக்கரியோ எரிக்கறாங்க. கடைசியில கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்ல கிடக்கு. ஆத்துல போனதை ஷெட்ல வச்சிருக்கோம். அதுவும் ஒரு வெள்ளம் வந்தா என்ன ஆகும்?

திருப்பூர் டையிங்
பாதி ஒத்துக்கறேன். ஆனா எல்லாமே கலப்பு உப்பா முடியறதில்ல. சோடியம் சல்பேட் போட்டுச் சாயம் போட்டிருந்தா, கரைசலைக் குளிர வச்சா கிளாபர் உப்பு படிகமாப் பிரியும், அதைத் திரும்ப சாயத்தொட்டிக்கே போடலாம். நானோ வடிகட்டியில வர்ற உப்புத் தண்ணியைக் காய்ச்சாமலேயே நேரா சாயத்துக்குப் பயன்படுத்தற நிலையங்களும் இருக்கு. அதுல கடினத்தன்மையும் மிச்ச நிறமும் குறைவா இருக்கணும், இல்லைன்னா ஷேடு மாறும், பார்ட்டி துணியைத் திருப்பி அனுப்பிடுவான். எங்கெல்லாம் மிச்சக் கரைசல் கலப்பா வருதோ, அங்க நீங்க சொல்ற ஷெட் பிரச்சினை உண்மைதான். அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல.

பவானிசாகர்
அப்ப உப்பே கம்மியா வேணும்கிற சாயத்துக்கு மாறினா என்ன?

திருப்பூர் டையிங்
குறைஞ்ச உப்பு சாயம் இருக்கு, விலை கூட. தண்ணி விகிதம் 1:8ல இருந்து 1:5க்கு இறங்கற மெஷின் வாங்கினாலே, லிட்டருக்குக் கிராம் கணக்குல போடற உப்பு தானா குறையும். 480 இருந்த இடத்துல 300. குழாய்க்கடைசியில காய்ச்சற செலவைவிட மெஷின் வாசல்ல குறைக்கிறது மலிவு. இதை மட்டும் யாரும் சீக்கிரம் கேட்கறதில்ல.

சுழல்
சரி, இந்த 30 எங்கிருந்து வந்துச்சு? யாராவது உட்கார்ந்து முடிவு பண்ணினதா, இல்ல காத்துல பிடிச்சதா?

பழைய பொறியாளர்
பூர்வீகம் இங்கிலாந்து. 1912ல அங்க ராயல் கமிஷன் ஒண்ணு, மிதக்கும் பொருள் 30, பிஓடி 20ன்னு வச்சாங்க. அது சும்மா வச்ச எண் இல்ல. கழிவைப்போல எட்டு மடங்கு ஆத்துத் தண்ணி இருக்கும், அந்தத் தண்ணி பிஓடி 2க்கு மேல போகாதுன்னு வச்சு, கலந்தபின் 4க்குள்ள நிக்கணும்னு பின்னால இருந்து கணக்குப் போட்டு வந்தது. வற்றாத, குளிர்ந்த ஆறு. நாம பிஓடியை 30 வரைக்கும் தளர்த்தி எடுத்துக்கிட்டோம், எட்டு மடங்கை மறந்துட்டோம். நம்ம முறையில பிஓடியை 27 டிகிரியில மூணு நாள் வச்சுப் பார்க்கறோம், அவங்க அஞ்சு நாள். இது பெரிய பிரச்சினை இல்ல, எட்டு மடங்குதான் பிரச்சினை.

கரைமேடு, உங்க ஆத்துல ஏப்ரல்ல விநாடிக்கு 50 லிட்டர்தான் ஓடுதுன்னு வைங்க. நிலையம் கச்சிதமா 30க்கே விட்டாலும்:

```
(50 × 2 + 116 × 30) ÷ 166 = 21.6
```

குளிக்கிற தரத்துக்கு 3. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. யாரும் சட்டத்தை மீறல.

ஆய்வகத்து அண்ணாச்சி
அதனாலதான் 10க்குக் கொண்டுவரணும்னு வழக்கு. 2017ல சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர் நிலையங்களுக்கு பெருநகரத்துல 20, மத்த இடத்துல 30ன்னு அறிவிச்சுது. 2019ல பசுமைத் தீர்ப்பாயம் 10க்கு இறக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. மலக்கிருமியும் மறக்கக்கூடாது. பிஓடி 10 வந்த தண்ணியிலயும் கிருமி லட்சக்கணக்குல இருக்கலாம். 2017 அறிவிக்கையில 100 மில்லிக்கு 1000க்குள்ளன்னு இருக்கு, குளோரின் சரியாப் போட்டாத்தான் அது வரும். தண்ணியில அம்மோனியா நிறைய இருந்தா குளோரின் அதுகூடச் சேர்ந்து பலவீனமாயிடும்.

பழைய பொறியாளர்
10க்கு வந்தாலும் அதே ஏப்ரல் கணக்குல 7.6 வரும். நான் 10ஐ எதிர்க்கல. ஆனா வழிஞ்சு போற 4 எம்எல்டியை விட்டுட்டு நிலையத்தை 28ல இருந்து 10க்குச் செலவு பண்ணிக் கொண்டுவந்தா என்ன மிச்சம்னு கரைமேட்டு எண்ணுலயே பாருங்க. 14.4 இருந்தது 12.6 ஆகும், அவ்வளவுதான். அதுக்கு பதில் வழியறதை நிலையத்துக்குள்ள கொண்டுவந்து, 14ஐயும் 28க்கே விட்டாலும் 5.6 வரும்.

பவானிசாகர்
இதுல எனக்கு ஒப்புதல் இல்ல. ரெண்டையும் கேட்கணும். ‘முதல்ல வழியறதை நிறுத்து’ன்னு சொன்னா அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு அதையே சொல்லிட்டு 10ஐத் தள்ளிப்போடுவாங்க. ஏப்ரல் ஆத்துக்கு 30 போதாதுன்னு நீங்களே கணக்குப் போட்டீங்க.

பழைய பொறியாளர்
நியாயம். வறண்ட மாசத்துக்கு வரம்பைத் தனியா, கிலோ கணக்குல போடணும்னு நான் நினைக்கிறேன். நாளைக்கு இத்தனை கிலோ பிஓடிக்கு மேல விடக்கூடாது, ஆறு குறைஞ்சா அதுவும் குறையும். அப்ப மிச்சத்தைத் தோப்புக்கோ ஆலைக்கோ அனுப்ப வேண்டி வரும். நம்ம அனுமதிக் கடிதத்துல அப்படி எழுதற வழக்கம் அபூர்வம்.

கரைமேடு
ஒரு கேள்வி பாக்கி. மீன் ரெண்டு தடவை செத்துச்சு. ஒண்ணு மேலே சொன்னது. இன்னொண்ணு ஜூன்ல, முதல் மழை பெய்ஞ்ச மறுநாள், நுரையோட. மழை பெஞ்சா தண்ணி கூடணும், கலக்கணும், நல்லதுதானே?

ஆய்வகத்து அண்ணாச்சி
கோடை முழுக்க ஓடையடியில படிஞ்ச கருப்புச் சேறு அது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்துல சல்பைடு உருவாகி இரும்போட சேர்ந்து கருப்பா இருக்கும், குச்சியால கிளறினா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். முதல் மழை அதைப் பெயர்த்துக் கிளப்பி விடும். ரெண்டு மூணு மாசக் கழிவு அரை நாள்ல தண்ணிக்குள்ள வந்துடும், இருந்த ஆக்ஸிஜனை ஒரே மூச்சுல உறிஞ்சும். மழை பலமா நீடிச்சா அடுத்த நாள் சரியாயிடும். தூறலோட நின்னா அதுதான் மோசம், பெயர்க்க மட்டும் போதும், கலக்கப் போதாது. நுரை சோப்புத் தண்ணியோடது. தடுப்பணை மதகுல விழுந்து அடிபடும்போது எழும்பும்.

கரைமேடு
அப்ப சனிக்கிழமை விடியக்காலை போறோம். பம்பிங் ஸ்டேஷன் குழாய்ல ஏழு மணிக்கு, குழாய்வாய்ல, தடுப்பணையில. பிஓடி சாம்பிளும் எடுக்கலாமா?

ஆய்வகத்து அண்ணாச்சி
எடுங்க. இருட்டான பாட்டில், ஐஸ் பெட்டி, அன்னைக்கே ஆய்வகத்துக்குப் போயிடணும். நிலையத்துத் தண்ணியில குளோரின் போட்டிருந்தா ஆய்வகத்துல சொல்லிடுங்க. அதை முறிச்சுட்டு, கிருமி விதை போட்டுத்தான் பிஓடி பார்க்கணும், இல்லைன்னா பாக்டீரியா செத்து பிஓடி குறைச்சலா வரும். சாயக்கழிவு கலந்திருந்தாலும் அப்படித்தான், அதனால கூடவே சிஓடியும் கேளுங்க, அது பாக்டீரியா இல்லாம ரசாயனத்தால அளக்கிற ஆக்ஸிஜன் தேவை. சிஓடி 200, பிஓடி 8ன்னு வந்தா சந்தோஷப்படாதீங்க. ஓட்டத்தை அளக்கத் தேங்காயை மறந்துடாதீங்க, அந்த எண் இல்லாம மத்தது எல்லாம் வெறும் செறிவு.